படத்தில் பழத்தை விட்டுவிட்டு வாளியைப் பாருங்கள்

வெயில் ஏறத் தொடங்கியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு வகைப் படம் வர ஆரம்பிக்கும். வெளியூரில் படிக்கும் மகளோ வேலைக்குப் போன தம்பியோ தள்ளுவண்டிக் கடை ஒன்றைப் படம் பிடித்து அனுப்பி, "இங்க ஜூஸ் குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். "தர்பூசணி நல்லா சிவப்பா இருக்கே, குடி" என்று சித்தி எழுதுவார். "ரோட்டுக் கடையா? வேண்டவே வேண்டாம்" என்று பெரியப்பா எழுதுவார்.

சித்தி பழத்தைப் பார்த்தார், பெரியப்பா இடத்தைப் பார்த்தார். நோய் வருமா என்பதைச் சொல்லக்கூடிய விவரங்களோ பெரும்பாலும் படத்தின் ஓரங்களில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் ஒரு படத்திலிருந்து நிறையவே தெரிந்துகொள்ளலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. "இது வேண்டாம்" என்று படம் தெளிவாகச் சொல்லிவிடும். "இது பாதுகாப்பானது" என்று எந்தப் படமும் சொல்லாது.

காரணம் எளிது. டைபாய்டு தரும் சால்மோனெல்லா கிருமியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சில இலட்சம் கிருமிகள் இருந்தாலும் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் தெளிவாகவே தெரியும். வாசனையும் மாறாது, சுவையும் மாறாது. கிருமியைப் படத்தில் தேட முடியாது. அது வந்து சேரும் வழிகளைத் தேடலாம். சாலையோரக் கடையில் அந்த வழிகள் நான்கு: தண்ணீர், கை, வெட்டியபின் கழிந்த நேரம், குளிர் இல்லாமை.

ஒரு படம்

இதுபோன்ற படங்களில் வழக்கமாகக் காணப்படுவதைச் சேர்த்து ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையத்துக்கு வெளியே, பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் ஒரு தள்ளுவண்டி. பிற்பகல் மூன்று மணி. இடப்பக்கம் ஒரு தெர்மாகோல் பெட்டி, அதன்மேல் ஈரச் சாக்கு, சாக்கின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஐஸ். நடுவில் தட்டு நிறைய தர்பூசணித் துண்டுகள். பக்கத்தில் கிர்ணி, பப்பாளி, அன்னாசி எல்லாம் வெட்டி அடுக்கிய பிளாஸ்டிக் கிண்ணங்கள், மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. எல்லாவற்றின்மேலும் நீர்த்துளிகள் மின்னுகின்றன. வலப்பக்கம் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டாவில் எலுமிச்சை ஜூஸ், அதில் மிதக்கும் ஐஸ். வண்டிக்குக் கீழே, படத்தின் விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஐஸிலிருந்து தொடங்குவோம்.

ஐஸ்: வடிவம் சொல்லும் கதை

சந்தையில் இரண்டு வகை ஐஸ் அதிகம். ஒன்று பார் ஐஸ். நீளமான தகரக் கேன்களில் தண்ணீரை ஊற்றி, அந்தக் கேன்களைக் கடுங்குளிரான உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கி உறைய வைப்பார்கள். மீன் லாரிக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும் பெரிய பாளம் இதுதான். கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றி வைத்து, கூரான கம்பியால் உடைத்துப் பயன்படுத்துவார். உடைந்த துண்டுகள் ஒன்றுபோல் இருக்காது. முனைகள் கூராக, சில கண்ணாடிபோல், சில வெள்ளையாக இருக்கும்.

மற்றொன்று நடுவில் ஓட்டை உள்ள கியூப் ஐஸ். இயந்திரத்தில் குழாய்களின் உட்சுவரில் தண்ணீர் வழிந்து, சுவரிலிருந்து உள்நோக்கி உறையும். நடுப்பகுதி உறைவதற்குள் நிறுத்திவிடுவதால் ஓட்டை மிஞ்சும். துண்டுகள் ஒரே அளவில் இருக்கும், பெரும்பாலும் பைகளில் அடைத்து விற்பனைக்கு வரும்.

படத்தில் ஓட்டை ஐஸ் தெரிந்தால், அது குடிப்பதற்கென்று செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஐஸ் மூடிய பையிலேயே இருந்து, பையில் தயாரிப்பாளர் பெயரும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் தெரிந்தால் நம்பிக்கை இன்னும் சற்றுக் கூடும். அதே ஐஸைப் பெட்டியில் கொட்டி, அதற்குள் சோடா பாட்டில்களையும் பால் பாக்கெட்டையும் புதைத்து வைத்திருந்தாலோ, அள்ளுவதற்குக் கரண்டி இல்லாமல் கையையே விட்டாலோ, ஓட்டைக்கு மதிப்பில்லை.

வெள்ளை நிறத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கண்ணாடிபோன்ற ஐஸ் சுத்தம், வெள்ளை ஐஸ் அசுத்தம் என்பார்கள். தண்ணீர் உறையும்போது அதில் கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. சிக்கிய காற்றுக் குமிழ்கள்தான் முக்கியமாக அந்த வெள்ளை. நல்ல தண்ணீரை வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்தாலும் நடுவில் வெள்ளையாகத்தான் வரும். சாக்கடை கலந்த தண்ணீரிலிருந்தும் தெளிந்த ஐஸ் வரும். நிறத்தில் ஒன்றே ஒன்று முக்கியம்: நீலம். உணவுக்கு ஆகாத ஐஸில் நீல நிறம் சேர்த்து அடையாளம் காட்ட வேண்டும் என்று 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியது. பழச்சாறு கடையில் நீலச்சாயல் ஐஸ் தெரிந்தால் அங்கேயே கேள்வி முடிந்துவிடும். நீலம் தெரியவில்லை என்பதால் மட்டும் அது குடிக்கத் தகுந்த ஐஸ் ஆகிவிடாது.

குளிரில் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. உறைநிலையில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு பகுதி சாகும், மீதி உயிரோடு இருந்து ஐஸ் கரைந்ததும் டம்ளருக்கு வந்துவிடும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு உறைநிலை ஒரு தடையே இல்லை. டம்ளரில் ஐஸ் போடுவது, அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததோ அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பதற்குச் சமம்.

நம் படத்தில் உடைத்த பார் ஐஸ், ஈரச் சாக்கு, கரண்டி எங்கும் இல்லை. ஐஸ் வேண்டாம். இதைச் சொல்லப் படமே போதும்.

வெட்டிய பழம்: துளிகளை நம்பாதீர்கள்

முழுப் பழத்தின் தோல் ஒரு நல்ல காப்பு. கத்தி பட்டதும் அந்தக் காப்பு போய்விடுகிறது. தோலில் இருக்கும் மண்ணும் கிருமியும் கத்தியோடு சதைக்குள் இறங்குகின்றன. தரையில் படர்ந்து வளரும் தர்பூசணியிலும், வலைபின்னல்போல் சொரசொரப்பான தோலுள்ள கிர்ணியிலும் இது அதிகம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு பண்ணையிலிருந்து வந்த கிர்ணி வகைப் பழங்களால் 2011-இல் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். அங்கே பழத்தில் எந்தக் கெட்ட வாடையும் இல்லை, பார்வைக்கும் நல்ல பழம்தான்.

எந்தப் பழம் என்பதும் முக்கியம். அன்னாசி, ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் எளிதில் பெருகாது. தர்பூசணி, கிர்ணி, பப்பாளி மூன்றிலும் புளிப்பு மிகக் குறைவு. சர்க்கரையும் ஈரமும் ஏராளம். கோடைச் சூட்டில் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. சாதகமான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் வெட்டும்போது ஒரு துண்டில் ஒட்டிய 100 கிருமிகள் நான்கு மணி நேரத்தில் நான்கு இலட்சத்தைத் தாண்டும். அதனால்தான் வெட்டிய பழத்தை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்கிறார்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சென்னையிலோ மதுரையிலோ ஏப்ரல் மதியத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் பொருந்தும்.

வெட்டி எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் படத்தில் கணிக்க வழி இருக்கிறது. தட்டின் அடியில் சாறு தேங்கியிருக்கிறதா? தர்பூசணியின் விளிம்பு ஊறிப்போய்க் கண்ணாடிபோல் தெரிகிறதா? பப்பாளியின் ஓரம் மங்கிச் சுருங்கியிருக்கிறதா? இவை நேரம் கடந்ததன் அடையாளங்கள். வெட்டி வைத்த அளவையும் ஆட்களையும் ஒப்பிடுங்கள். முப்பது கிண்ணம் அடுக்கியிருக்க, முன்னால் ஒருவர்கூட நிற்கவில்லை என்றால் அந்தக் கிண்ணங்கள் விற்க நெடுநேரம் ஆகும். நாலைந்து பேர் காத்திருக்க, தட்டில் சில துண்டுகள் மட்டும் இருந்து, கத்தி கையில் இருந்தால் அது விரைவாகத் தீரும் கடை.

ஐஸ் பாளத்தின்மேல் அடுக்கிய பழம் குளிர்ச்சியாக இருக்கும் என்று படம் நினைக்க வைக்கும். பாளத்தைத் தொடும் அடித்துண்டு மட்டுமே குளிர்கிறது. மேல் அடுக்கு வெளிக்காற்றின் சூட்டில்தான் இருக்கிறது. கரைந்து வழியும் ஐஸ் தண்ணீரோ அடித்துண்டுகளை நனைக்கிறது. பிளாஸ்டிக் உறை ஈயையும் தூசியையும் தடுக்கும். அது நல்லதுதான், ஆனால் உறைக்குள் ஏற்கெனவே இருக்கும் கிருமியின் பெருக்கத்தை அது நிறுத்தாது.

படத்தில் கண்ணைக் கவரும் விஷயம் அந்த மின்னும் நீர்த்துளிகள். குளிர்ந்த பொருளின்மேல் காற்றின் ஈரம் படிந்தால் பொடிப்பொடியான துளிகள் சீராகப் படரும். பெரிதும் சிறிதுமாக, ஒழுங்கில்லாமல், வெட்டிய முகத்தின்மேல் வழிந்து நிற்கும் துளிகள் பெரும்பாலும் கையால் தெளித்தவை. வெயிலில் பழம் வாடாமல் இருக்கக் கடைக்காரர் அவ்வப்போது தெளிப்பார். அவர் கை எங்கே போய் வருகிறது? கீழே இருக்கும் வாளிக்கு. பசுமை என்று நமக்குத் தோன்றியது அந்த வாளித் தண்ணீராக இருக்கலாம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு கோடையிலும் கிளம்புகிறது. 2025-இல் தமிழகத்தில் அது பெரிதாகப் பரவி, விலை சரிந்து விவசாயிகள் நட்டப்பட்டார்கள். அந்தச் சிவப்பு, தக்காளியிலும் உள்ள லைகோபீன் என்ற இயற்கை நிறமி. இரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து அது அடர்ந்தோ வெளுத்தோ இருக்கும். சதையில் தெரியும் வெடிப்பும் வெள்ளை நாரும் இயல்பானவை. படத்தில் சிவப்பின் அடர்த்தியை வைத்துக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது அநியாயம். அடர்சிவப்பைப் பார்த்துத் துண்டை நம்பிச் சாப்பிடுவது ஆபத்து.

ஜூஸ்: அண்டாவும் வாளியும்

ஜூஸில் முதலில் பார்க்க வேண்டியது, அது கேட்டபின் பிழிவதா, முன்பே கலக்கி வைத்ததா என்பது. முழு எலுமிச்சம்பழங்களும் பிழியும் கருவியும் தெரிந்தால் முதல் வகை. அண்டாவில் தளும்பினால் இரண்டாம் வகை. கலக்கி வைத்த ஜூஸில் பழத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை எந்தப் படமும் காட்டாது. பக்கத்தில் இருபது லிட்டர் கேன் நிற்பது ஓரளவு ஆறுதல். ஆனால் மூடியின் முத்திரை போன பழைய கேனில் குழாய்த் தண்ணீரையும் பிடித்து வைக்கலாம்.

"எலுமிச்சையின் புளிப்பிலேயே கிருமி செத்துவிடுமே" என்பார்கள். புளிப்பு கிருமியின் பெருக்கத்தைத் தடுக்கும். உடனடியாகக் கொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1996-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், சூடாக்கிப் பதப்படுத்தாத ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை கிருமி கலந்து 60-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. ஆப்பிள் ஜூஸும் புளிப்பானதுதான். நம் அண்டாவில் தண்ணீரும் ஐஸும் சேர்ந்து எலுமிச்சையின் புளிப்பும் நீர்த்துப் போயிருக்கிறது.

இப்போது அந்த வாளி. டம்ளரைக் கழுவுவதற்கு ஓடும் தண்ணீர் இல்லாத கடையில், ஒரு வாளியில் முக்கி எடுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் நிரப்பிய வாளியில் மாலைவரை எத்தனையோ பேரின் எச்சில் டம்ளர் முங்கி எழும். கத்தி, கை, துடைக்கும் துணி எல்லாம் அங்கேதான் நனையும். பழம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கடைசியில் அது இந்தத் தண்ணீரைத் தொட்டுத்தான் வாய்க்கு வருகிறது. படத்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் வாளியைப் பாருங்கள். குழாய் வைத்த டிரம்மும், ஒருமுறை பயன்படுத்தும் காகிதக் கப்பும், மூடிவைத்த தண்ணீரும் தெரிந்தால் அந்தக் கடைக்காரர் யோசித்துத் தொழில் செய்கிறார் என்று கொள்ளலாம்.

கையையும் அப்படியே பார்க்கலாம். பழம் வெட்டுபவரும் காசு வாங்குபவரும் ஒருவரேயா? பணம் செலுத்த ஸ்கேன் செய்யும் அட்டை வண்டியில் தொங்குகிறதா? அது இருந்தால் நோட்டைத் தொடுவது குறையும். கையுறை போட்டிருப்பதைப் பார்த்து உடனே மகிழ வேண்டாம். அதே கையுறையோடு சில்லறை எண்ணினால் அது கையைவிடச் சுத்தமில்லை.

அப்படியானால் என்ன பதில் எழுதுவது?

நம் படத்துக்கான தீர்ப்பு இது: ஐஸ் வேண்டாம், கிண்ணப் பழம் வேண்டாம், அண்டா ஜூஸ் வேண்டாம். ஆனால் அதே கடையில் வெட்டாத பழங்களும் இருக்கின்றன, முழு எலுமிச்சையும் மூடி திறக்காத சோடா பாட்டிலும் இருக்கின்றன. "கடையே வேண்டாம்" என்பதைவிட, "அண்ணே, கத்தியக் கழுவிட்டு ஒரு கிர்ணி புதுசா வெட்டிக் குடுங்க" என்று கேட்கச் சொல்லலாம். கழுவுவதற்குத் தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் இன்னும் நல்லது. "சோடாவுல எலுமிச்சை பிழிஞ்சு குடுங்க, ஐஸ் வேண்டாம், என் பாட்டில்லயே ஊத்துங்க" என்று சொல்லலாம். பெரும்பாலான கடைக்காரர்கள் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். வாழைப்பழமும் கண்முன் சீவும் இளநீரும் எப்போதும் எளிய வழி.

சந்தேகம் இருந்தால் இன்னொரு படம் கேளுங்கள். எல்லோரும் பழ அடுக்கைத்தான் படமெடுக்கிறார்கள், ஏனென்றால் அது காட்டுவதற்காகவே அடுக்கப்பட்டது. நமக்குத் தேவையானவை இடுப்புக்குக் கீழே இருக்கின்றன: திறந்த ஐஸ் பெட்டியின் உள்பக்கம், கழுவும் இடம், குப்பை இருக்கும் இடம். சாக்கடை ஓரத்தில் வண்டி நிற்கிறதா, ஈ மொய்க்கிறதா என்பதும் அந்தப் படத்தில்தான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டி நிறத்தை மெருகேற்றும் கேமரா அமைப்பை நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வாடிய பப்பாளியையும் அது பளபளப்பாக்கிவிடும்.

படம் தோற்கும் இடம்

எல்லாம் சுத்தமாகத் தெரிந்தாலும் ஒன்றைப் படத்தில் பார்க்கவே முடியாது: வெட்டும் கைக்கு உரியவரின் உடல்நிலை. 1906-இல் நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், வசதியான ஒரு கோடைகால வீட்டில் இருந்த 11 பேரில் ஆறு பேருக்கு டைபாய்டு வந்தது. விசாரித்த ஜார்ஜ் சோப்பர், சமையல்காரர் மேரி மேலனைக் கண்டறிந்தார். அவருக்குக் காய்ச்சல் இல்லை, நோயின் அறிகுறியே இல்லை. உடலில் கிருமி மட்டும் இருந்தது. சூடாக்கிய உணவில் கிருமி செத்திருக்கும். அதனால் பச்சையாக வெட்டிப் போட்ட பீச் பழம் சேர்ந்த ஐஸ்கிரீம் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று சோப்பர் முடிவுக்கு வந்தார். அந்த வீட்டுச் சமையலறையைப் படமெடுத்திருந்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. ஐஸும் வெட்டிய பழமும் சேரும் இடத்தில், அடுப்புச் சூடு என்ற கடைசிக் காவல் இல்லை.

"போன வாரம் இதே கடையில குடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்ற சான்றும் இதனால்தான் நிற்காது. டைபாய்டு பொதுவாக ஒன்று இரண்டு வாரம் கழித்து வரும், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட 15 முதல் 50 நாட்கள். அதற்குள் ஜூஸ் மறந்துபோகும், முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாமேல் பழி விழும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, கண் மஞ்சளானாலோ, மருத்துவரிடம் கடந்த ஒரு மாதத்தில் வெளியே குடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு அது உதவும்.

ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல. சுத்தமில்லாத தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஈ கர்ப்பிணிகளின் உயிரையே பறிக்கக்கூடியது, குறிப்பாகக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில். கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கால் உடலின் நீர் மிக விரைவாக வற்றும். முதியவர்களுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு. படம் அனுப்பியவர் இவர்களில் ஒருவர் என்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஐஸும் வெட்டிய பழமும் கலக்கிய ஜூஸும் வேண்டாம் என்றே எழுதுங்கள். மற்றவர்களுக்கு, கண்முன் வெட்டியது, கண்முன் பிழிந்தது, ஐஸ் இல்லாதது என்ற மூன்றும் சேர்ந்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.